ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருப்பவர்களுக்கு

அச்சங்குளத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய், உயிர் பிழைத்து வீடு திரும்பியிருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

நான் தீக்காய வார்டில் பல வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது பேருக்கு மேல் செத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். செத்தவர்களைப் பற்றி நிறைய எழுதினார்கள், எழுதத்தான் வேண்டும். காயத்தோடு வீட்டுக்கு வந்தவர்களின் ராத்திரிகளைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதற்கு முன்பும் பின்பும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ கம்பெனிகளில் வெடித்திருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வார்டில் இருக்கும்போது உயிர் தப்புமா என்பதே கவலை. தோல் ஒட்டி, கட்டுப் பிரித்து, 'வீட்டுக்குப் போகலாம்' என்று டாக்டர் சொன்னதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். பத்து நாள் கழித்து எனக்குப் போன் வரும். "சிஸ்டர், காயமெல்லாம் ஆறிக்கிட்டு வருது. தூக்கந்தான் வர மாட்டேங்குது. மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்கிறேன், தூக்க மாத்திரை பேரு ஒண்ணு சொல்லுங்க." இந்தக் கேள்விக்கு நான் இதுவரை ஒரு பெயரும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதும், அதற்குப் பதிலாக என்ன கேட்டேன் என்பதுமே இந்தக் கடிதம்.

நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, எது எழுப்புகிறது?

ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம். அச்சங்குளத்துச் சம்பவத்துக்குப் பிறகு வேறொரு கம்பெனியில் காயம்பட்டவர். இரண்டு முன்னங்கைகள், கழுத்தின் வலப்பக்கம். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டியிருந்தார்கள். புகையையும் கொஞ்சம் இழுத்திருந்தார். வீட்டுக்கு வந்து மூன்று வாரமாக "ராத்திரி முழுக்கத் தூங்கலை" என்றார். அவர் மகளிடம் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் மூன்று ராத்திரி குறித்து வைக்கச் சொன்னேன். எத்தனை மணிக்கு எழுந்தார், எது எழுப்பியது, என்ன செய்தார்கள், திரும்ப எப்போது கண் அயர்ந்தது. அவ்வளவுதான் குறிப்பு.

மூன்றாம் நாள் நோட்டைப் பார்த்தால், ராத்திரி முழுக்க முழித்திருக்கவில்லை. பதினொரு மணிக்குத் தொடையில் அரிப்பு. பன்னிரண்டரைக்குக் கையில் வலி. மூன்று மணிக்கு இருமல். மூன்று ராத்திரியும் கிட்டத்தட்ட அதே நேரங்கள்தான். தூக்கம் வராத ஒரு நோய் என்று நினைத்தது, தூங்க விடாத மூன்று காரணங்களாகப் பிரிந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியது உண்டு.

வலியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எளிதாகத் தீர்ந்தது. டாக்டர் பாரசிட்டமால் எழுதியிருந்தார். வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு, மாத்திரையும் ஏழு மணிக்கு. அதன் வேலை நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் வரைதான். ஏழு மணி மாத்திரை பன்னிரண்டு மணிக்கு ஓய்ந்துபோகும், பன்னிரண்டரைக்கு வலி எழுப்பும். கணக்கு அவ்வளவு நேராக இருந்தது. டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டினார்கள். அவர் மாத்திரையைக் கூட்டவில்லை. மாலை மாத்திரையைப் படுப்பதற்கு அரைமணி முன்னால், ஒன்பதரைக்குத் தள்ளினார். அடுத்ததை மூன்றரை மணிக்குமேல் வலித்தால் போட்டுக்கொள்ளத் தலைமாட்டில் வைக்கச் சொன்னார். நாள் கணக்கு பழையதுதான், நேரம் மட்டும் மாறியது. ஒன்றை மறக்க வேண்டாம்: பாரசிட்டமால் பல காய்ச்சல் மாத்திரைகளிலும் சளி மாத்திரைகளிலும் ஒளிந்திருக்கும். இரண்டு அட்டையிலிருந்து போட்டால் அளவு மீறி ஈரல் கெடும். அட்டையின் பின்புறம் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டே போடுங்கள்.

வலி குறைந்துகொண்டு வந்து, திடீரென்று ஒரு ராத்திரி கூடினால் அது மாத்திரை நேரத்தால் வந்ததல்ல. காயத்தைச் சுற்றிச் சூடு, நாற்றம், புதிதாக நீர் வடிவது, காய்ச்சல் இவற்றில் ஒன்று கூட இருந்தால் மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்தது அரிப்பு. தீக்காயம் பட்ட பலரின் தூக்கத்தை வலியைவிட அதிகம் கெடுப்பது இதுதான், ஆனால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லி அனுப்புவதில்லை. காயம் மூடத் தொடங்கும்போதுதான் அரிப்பு தொடங்கும், மாதக்கணக்கில் இருக்கும். அறுந்த நரம்பு நுனிகள் புதுத் தோலில் திரும்ப முளைப்பதும் ஒரு காரணம். தோல் எடுத்த தொடைதான், ஒட்டிய கையைவிட முதலில் அதிகம் எரிச்சலும் அரிப்பும் தரும். ஒட்டிய தோலுக்கு எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் வேலை செய்யாது. அதனால் அது வறண்டு இழுக்கும், சூட்டையும் வெளியேற்றாது. சித்திரை மாதத்து நம்மூர்ப் புழுக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே அது என்ன பாடுபடுத்தும் என்று படுத்தவருக்குத்தான் தெரியும்.

அந்த அக்காவுக்கு மாலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைத் துடைத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் முழுசாக மூடிய இடங்களில் மட்டும் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன். புண் இன்னும் திறந்திருக்கிற இடத்தில் எண்ணெய் கூடாது. அழுத்திச் சுழற்றித் தடவ வேண்டும், மேலோடு வழித்துவிட்டால் பயனில்லை. பகலில் இரண்டு மூன்று முறை, படுக்கும் முன் ஒரு முறை. மேலே பழைய பருத்திச் சேலைத் துணி. நைலான், பாலியஸ்டர் வேண்டாம். பதினொரு மணிக்கு அரித்தால் சொறியாமல் உள்ளங்கையால் அழுத்தித் தட்டுவது, இல்லையென்றால் ஈரத்துணி ஒன்றைப் பத்து நிமிடம் போடுவது. ஐஸைப் புதுத் தோலில் நேராக வைக்காதீர்கள், அதற்கு உணர்ச்சி சரியாக இருக்காது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தூக்கத்தில் சொறிந்து ஒட்டுத்தோலைக் கிழித்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் அரிப்புக்கென்றே டாக்டர் தருகிற மருந்துகள் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். தூக்க மாத்திரை அரிப்பைத் தொடாது. அரை மயக்கத்தில் இன்னும் அதிகமாகச் சொறிவீர்கள்.

மூன்று மணி இருமலுக்கு வருகிறேன். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

புகை இழுத்தவர்களின் மூச்சுக்குழல் உள்புறமும் ஒருவகையில் வெந்த புண்தான். அது ஆறும்போது சளியும் செத்த திசுவும் சேரும். நேராகப் படுத்தால் அது தொண்டைப் பக்கம் தேங்கும், இருமல் வரும். தலையை உயர்த்திப் படுத்தால் குறையும். எல்லோரும் அதனால் இரண்டு தலையணை வைக்கிறார்கள். கழுத்தில் தீக்காயம் பட்டவருக்குத் தலையணையே கூடாது. தலையணை வைத்தால் தாடை மார்பை நோக்கிக் குனியும், ஆறுகிற தோல் அதே நிலையில் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு நிமிர்த்த இன்னொரு ஆபரேஷன் வேண்டும். தீக்காயத்தில் உடம்புக்குச் சுகமாக இருக்கும் நிலைதான் பெரும்பாலும் தோல் சுருங்கிப்போகும் நிலை. முழங்கையை மடக்கி மார்போடு அணைத்துக்கொள்வது சுகம், முழங்காலுக்குக் கீழே துணி மூட்டை வைப்பது சுகம். இரண்டும் ராத்திரி எட்டு மணி நேரத்தில் பகல் முழுக்கச் செய்த பயிற்சியை அழித்துவிடும். கைக்கு ஸ்பிளிண்ட் கொடுத்திருந்தால் ராத்திரியில்தான் அது முக்கியம். 'தூங்கவிடமாட்டேங்குது' என்று கழற்றி வைக்காதீர்கள். வார் எங்கே உறுத்துகிறதோ அங்கே பஞ்சு வைத்துத் தரச் சொல்லுங்கள்.

அந்த அக்காவுக்குக் கட்டிலையே சாய்த்தோம். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல் படுக்கை வாட்டில், அசையாதபடி. அரையடி உயர்ந்தது. கழுத்து நேராக இருந்தது, நெஞ்சும் உயர்ந்தது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உட்கார்ந்து, ஆழமாக மூச்சிழுத்து, மூன்று நாலு தடவை வேண்டுமென்றே இருமிச் சளியைத் துப்பச் சொன்னேன். மூன்று மணிக்கு வரவேண்டிய சளியில் பாதி ஒன்பது மணிக்கே வெளியே போய்விடும். அறையில் கொசுவர்த்திச் சுருள் எரிந்தது. வெந்த மூச்சுக்குழலுக்கு அந்தப் புகையும் பட்டாசுப் புகையும் ஒன்றுதான். அதை எடுத்துவிட்டுக் கொசுவலை கட்டினார்கள். விறகடுப்பும் அந்த அறைக்கு எதிரே இருக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், மஞ்சள் போட்ட பால் குடிக்கலாம். ஆவி பிடிக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த புதுத் தோலும் கொதிக்கிற பாத்திரமும் ஒரு போர்வைக்குள் இருந்தால் மறுபடி வெந்துதான் வருவார்கள்.

மூச்சு விடும்போது விசில் சத்தம், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருப்பது, சளியில் ரத்தம், உதடு நீலம் பாய்வது, இதில் எது வந்தாலும் விடியக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் புகைதான் காரணம் என்று முடிவு கட்டாமல் சளிப் பரிசோதனை செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காச நோய்க்குச் சளி கொடுக்கலாம்.

இப்போது தூக்க மாத்திரை.

நம்ம பக்கத்தில் கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவைக்கும் மருந்து என்றுதான் பேர். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று எனக்கு நீங்கள்தான் பாடம் எடுக்க வேண்டும். குளோரேட்டோடு கந்தகத்தைச் சேர்க்கக் கூடாது என்று சின்னப் பையனுக்கும் தெரியும். தனியாக இருக்கும்போது சும்மா கிடக்கிற இரண்டு பொடி, சேர்ந்ததும் உரசலுக்கே பற்றிக்கொள்ளும். அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம் மாதிரித் தூக்க மாத்திரைகளை அந்தக் கண்ணோடு பாருங்கள். தீக்காயத்துக்கு டிராமடால் என்ற வலி மாத்திரை கொடுத்திருக்கலாம். இருமலுக்குக் கோடீன் கலந்த டானிக் யாரோ வாங்கித் தந்திருக்கலாம். மூன்றுமே மூளையில் மூச்சை நடத்துகிற இடத்தை மந்தப்படுத்துகிறவை. ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில் தாங்குகிற உடம்பு, ஒரே ராத்திரியில் மூன்றும் சேர்ந்தால் மூச்சு விட மறக்கும். ஆம்பளைகள் வலி மறக்கக் குவாட்டர் குடித்துவிட்டு மேலே மாத்திரை போடுவதும் இதே கலவைதான். குடித்த தூக்கம் நடுராத்திரியில் கலைந்துவிடும் என்பது வேறு விஷயம். மாத்திரையோடு சேர்ந்தால் விடியாமலே போகலாம்.

புகை இழுத்த நுரையீரலுக்கு இது இன்னும் மோசம். இருமல் உங்கள் எதிரியல்ல, சளியை வெளியேற்ற உடம்பு வைத்திருக்கிற காவல்காரன். தூக்க மாத்திரை வலியையும் சளியையும் அரிப்பையும் எடுக்காது, காவல்காரனை மட்டும் தூங்க வைக்கும். சளி உள்ளே தங்கி நிமோனியாவாகும். அதே மாதிரி, ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தால் உடம்பு தானாகப் புரண்டு படுக்கும். மாத்திரை மயக்கத்தில் புரளாது, ஒட்டுத்தோல் அழுந்தும். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் தள்ளாடும். தோல் எடுத்த தொடையோடு வாசற்படியில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பழக்கம். சில வாரங்கள் தொடர்ந்து போட்டாலே உடம்பு அதை எதிர்பார்க்கத் தொடங்கும். நேற்று அரை மாத்திரையில் வந்த தூக்கம் அடுத்த மாதம் முழு மாத்திரை கேட்கும். நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட மோசமாகத் தூக்கம் போகும், நெஞ்சு படபடக்கும். 'பார், மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது' என்று அவர்களே நம்பிவிடுவார்கள். காயம் ஆறிவிடும், மாத்திரை மட்டும் மிஞ்சும்.

வார்டில் ஊசி போட்டுத் தூங்க வைத்தார்களே என்று கேட்பீர்கள். அங்கே விரலில் ஆக்சிஜன் அளக்கிற கருவி மாட்டியிருந்தது, பக்கத்தில் ஒருவர் முழித்திருந்தார். வீட்டில் அது இல்லை. மனநல மருத்துவரோ உங்களைப் பார்த்த டாக்டரோ உங்கள் மற்ற மாத்திரைகளையும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நாளைக்கு எழுதித் தந்தால் அது வேறு, அவர் சொன்ன அளவுக்குச் சொன்ன நாள் வரை போடுங்கள். பக்கத்து வீட்டு அத்தை கொடுத்ததையும், மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கிடைத்ததையும்தான் வேண்டாம் என்கிறேன். சீட்டு இல்லாமல் இவற்றை விற்பது சட்டப்படி தப்பு. யார் பெயருக்கு, எந்த டாக்டர் சீட்டில் கொடுத்தார்கள் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டிய மாத்திரைகள் இவை.

ஏற்கெனவே ஒரு மாதம், இரண்டு மாதம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்பே வரும். டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார்.

அரிப்பும் வலியும் இருமலும் அடங்கிய பிறகும் சிலருக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த அக்காவுக்கும் நாலாவதாக ஒன்று இருந்தது, நோட்டில் அவர் எழுதச் சொல்லவில்லை. கண்ணை மூடினால் அந்த அறை தெரிந்தது. தூரத்துக் கோயில் வேட்டுச் சத்தத்துக்கு எழுந்து வாசலுக்கு ஓடினார். நம்ம ஊரில் சரக்கு சரிபார்க்கப் போடுகிற வெடிச் சத்தமும் ராத்திரிகளில் கேட்கும். இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று யாரும் சொல்லாதீர்கள். அவ்வளவு பெரிய சத்தத்தைக் கேட்ட உடம்பு, அது திரும்ப வரும் என்று காத்துக்கிடக்கிறது. படுக்கையிலேயே வைத்து அதைப் பற்றிப் பேசாமல், பகலில் ஒரு நேரம் ஒதுக்கி அந்தக் கனவைச் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன பிறகு அதன் முடிவை மட்டும் அவரே வேறு மாதிரி மாற்றிச் சொல்லட்டும், தினமும் பத்து நிமிடம். அலறி எழுந்தால் உலுக்காதீர்கள். விளக்கைப் போட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, 'நம்ம வீட்லதான் இருக்கே, நான் பக்கத்துல இருக்கேன்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனால், இல்லை உயிரோடு இருந்து என்ன என்ற பேச்சு ஒரே ஒரு தடவை வந்தாலும், 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் மனநல உதவி எண். எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

படுக்கை நேரத்துக்கு அந்த வீட்டில் கடைசியாக ஒரு முறை அமைந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு டீ கிடையாது. பகல் தூக்கம் அரை மணி நேரம், மூன்று மணிக்குள். ஏழு மணிக்குச் சாப்பாடு. எட்டரைக்கு உடம்பு துடைத்து எண்ணெய், இருமிச் சளி துப்புதல், ஸ்பிளிண்ட். ஒன்பதரைக்கு மாத்திரை, செல்போன் அடுத்த அறைக்கு. பத்து மணிக்கு விளக்கு அணையும். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரண்டுகொண்டிருக்காமல் திண்ணையில் வந்து உட்கார்ந்து, கண் சொக்கிய பிறகு திரும்பப் போய்ப் படுக்க வேண்டும். படுக்கை என்றாலே முழித்துக் கிடக்கிற இடம் என்று மூளை பழகிவிடாமலிருக்க இது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். இது ஒன்றுதான் கடினமாக இருந்தது, முதல் வாரம் அழுதுவிட்டார். அந்த வாரத்தைத் தாண்டிய பிறகு அதுதான் மற்ற எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்தது.

ஆறு வாரம் கழித்து மகள் அந்த நோட்டின் புதுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். மூன்றரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்கிறார், தண்ணீர் குடித்திருக்கிறார், நாலு மணிக்குத் தூங்கியிருக்கிறார். பதினொரு மணிக்கும் பன்னிரண்டரைக்கும் நேராக வெறும் கோடு போட்டிருந்தாள். தலைமாட்டுச் செங்கல்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன என்று கீழே எழுதியிருந்தாள்.